பன்னிரண்டால் வகுத்தால் போதும்

போன தீபாவளி கழிந்து நாலைந்து நாள் இருக்கும். மழை விட்டு, கொட்டகுடி ஆற்றுச் சத்தம் வீட்டுத் திண்ணை வரை கேட்டுக்கொண்டிருந்தது. கீழத் தெருவில் இருக்கிற ஓர் அம்மா, நடுவயதைத் தாண்டியவர், கையில் ஒரு தினசரிக் காலண்டர் அட்டையையும் மடித்த சீட்டு ஒன்றையும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஐயா, நீங்க கவருமெண்டு கணக்குப் பாத்தவுக. இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. போனசுன்னு குடுத்திருக்காக. சரியா தப்பான்னு தெரியல."

குரங்கணிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களில் பலருக்கு வருடம் என்பது பன்னிரண்டு மாதம் அல்ல. காய் எடுப்பு ஆடி, ஆவணியில் சூடு பிடித்துத் தை வரைக்கும் சுற்றுச் சுற்றாக நடக்கும். அதற்குப் பிறகு கவாத்துக்கும் களைக்கும் தோட்டத்தில் சிலரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வீட்டில் இருப்பார்கள், அல்லது போடியில் காய் பொறுக்குகிற வேலைக்குப் போவார்கள். இந்த அம்மாவும் அப்படித்தான். அதற்கு முந்தின பருவத்தில் ஒரே தோட்டத்தில் ஆகஸ்டு தொடங்கி ஜனவரி முடிய வேலை பார்த்திருக்கிறார். அடுத்த பருவத்தில் ஜீப் மாறியது, தோட்டமும் மாறியது.

சீட்டில் இருந்த தொகை 2,177 ரூபாய். அதையும் உடனே கொடுத்துவிடவில்லை. "இந்த வருசம் நீ எங்க தோட்டத்துலயே இல்லையே, உனக்கு எதுக்குப் போனசு?" என்று முதலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாம் முறை கங்காணி பரிந்து பேசியதால் இது கிடைத்ததாம். "பாதி வருசம் வந்தவுகளுக்குப் பாதிப் போனசுதான்" என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் என் தப்பை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். நானும் அன்றைக்கு அந்த அம்மாவிடம், "ஆறு மாசம் முழுசா இல்லையே தாயி, குடுத்ததே பெரிசு" என்றுதான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் காலண்டரை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் என் பழைய நாற்காலி. வருடா வருடம் போனஸ் பில் போட்ட கை இது. மத்திய அரசு ஊழியர்களுக்குத் தருகிற தற்காலிக போனசுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. மார்ச் 31 அன்று பணியில் இருக்க வேண்டும். அந்த ஆண்டில் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல், வருடத்துக்குக் கீழ் என்றால் மாதக் கணக்கில் விகிதம். எங்கள் புதுச்சேரி அலுவலகத்திலும் இதே முறைதான். ஐந்து மாதமே ஆகியிருந்த ஓர் இளைஞரின் பெயரை நானே சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். விதிப்படி அது சரி. ஆனால் அந்த விதி அரசாணையின் விதி, அரசு ஊழியருக்கு மட்டும் உரியது. முப்பது வருடம் அதையே போட்டுப் போட்டு, உலகத்துக்கே அதுதான் சட்டம் என்று என் மண்டையில் ஏறிவிட்டது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் போனஸ் வழங்கல் சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். 1965-ஆம் வருடத்துச் சட்டம். இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பு என்ற பெயரில் 2019-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நான் சொல்லப்போகிற அடிப்படை அதிலும் மாறவில்லை. படித்து முடித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சட்டம் கேட்பது ஆறு மாதம் இல்லை. 30 நாள். ஒரு கணக்காண்டில் ஒரு நிறுவனத்தில் 30 வேலை நாள் உழைத்தவருக்குப் போனஸ் உண்டு. பணம் கொடுக்கிற தேதியில் அவர் பெயர் செக்ரோலில் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. கணக்காண்டு மார்ச்சில் முடிந்தால் எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். சில தோட்டங்களில் ஓணத்துக்குக் கொடுப்பார்கள், சிலவற்றில் தீபாவளிக்குக் கொடுப்பார்கள். அது வழக்கம். ஆனால் கொடுக்கிற காசு போன மார்ச்சோடு முடிந்த வருடத்து உழைப்புக்கு. "இந்த வருசம் நீ இல்லையே" என்பது, நேற்று சாப்பிட்ட சாப்பாட்டுக்கு இன்றைக்குக் காசு கேட்டால் "இன்னைக்கு நான் சாப்பிடலையே" என்று சொல்கிற மாதிரி.

அடுத்தது தொகை. குறைந்தபட்சப் போனஸ் 8.33 சதவீதம். இந்த அரைகுறை எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டு மாதச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். பதின்மூன்றாம் மாதம் என்பது இதுதான்.

இந்த எண் தானாக வந்து உட்காரவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில், 1917-இல், பம்பாய்ப் பஞ்சாலைகளில் விலைவாசி தாங்காமல் போர்க்கால போனஸ் என்று கொடுத்ததிலிருந்து இந்தக் கதை ஆரம்பம். 1924-இல் அதை நிறுத்தியபோது பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. 1965-இல் சட்டம் வந்தபோது குறைந்தபட்சம் 4 சதவீதம்தான். 1972-இல் 8.33 ஆயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1975-இல், மறுபடியும் 4-க்கு இறக்கினார்கள். 1977-இல் ஆட்சி மாறிய பிறகு 8.33 திரும்ப வந்தது. நமக்கெல்லாம் நினைவிருக்கிற காலம்தானே? அப்போது மில்லில் இருந்த நண்பர்களைக் கேட்டால் அந்தக் கோபத்தை இன்றைக்கும் சொல்வார்கள்.

தீபாவளிக்குத் தீபாவளி வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. வாரக் கூலியாக இருந்தபோது நாலு வாரத்துக்கு ஒரு மாதம் என்று 52 வாரத்துக்குப் பதின்மூன்று மாதம் வந்ததாம்; வெள்ளைக்காரன் மாதச் சம்பளமாக்கி ஒரு மாதத்தை விழுங்கினானாம்; அதுதான் போனசாகத் திரும்பி வந்ததாம். எனக்கே நாலு பேர் அனுப்பினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போனஸ் பிறந்தது பஞ்சாலை லாபத்தில் பங்கு கேட்டு நடந்த சண்டையில், காலண்டர் கணக்கில் அல்ல. இந்தக் கதையில் ஒரு கெடுதலும் உண்டு. 52 வாரமும் வேலை பார்த்தவனுக்குத்தான் பதின்மூன்றாம் மாதம் என்று மனதில் பதித்துவிடுகிறது. பாதி வருடம் வேலை பார்த்தவள் கைநீட்டி வாங்குகிறவள் ஆகிவிடுகிறாள்.

சரி, நம் கணக்குக்கு வருவோம். மூன்றாம் நாள் நானே கீழத் தெருவுக்குப் போனேன். "தாயி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. அந்தக் காலண்டரைக் கொண்டா" என்றேன். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்தார். எண்ணினேன். 132 நாள். தோட்டத்துச் சீட்டிலும் 132 என்றே இருந்தது. நாளில் பிசகு இல்லை. நாள் கூலி 450 ரூபாய். 132 நாளுக்கு 59,400 ரூபாய். அதில் 8.33 சதவீதம் 4,948 ரூபாய். வெறுமனே பன்னிரண்டால் வகுத்தால் 4,950 வரும். இரண்டு ரூபாய் வித்தியாசம், விட்டுத் தள்ளலாம்.

கொடுத்ததோ 2,177. இந்த எண் எப்படி வந்தது? சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் சிறிய எழுத்தில் 132-க்குக் கீழே கோடு போட்டு 300 என்று இருந்தது. புரிந்துவிட்டது. 4,948-ஐச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு, வருடத்தில் 300 வேலை நாளுக்கு இவர் 132 நாள்தானே வந்தார் என்று அதை மறுபடியும் 132-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்திருக்கிறார்கள். போட்டுப் பாருங்கள், 2,177 வரும்.

இங்கேதான் நான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். இது ஒரே வெட்டை இரண்டு தடவை வெட்டுவது. 59,400 ரூபாய் என்பது வருடக் கூலி அல்ல. வந்த நாளுக்கு மட்டும் வாங்கிய கூலி. வராத 168 நாளுக்கும் ஒரு பைசாகூட அதில் இல்லை. ஆக, விகிதக் கணக்கு கூலியிலேயே முடிந்துவிட்டது. அதன்மேல் இன்னொரு விகிதம் போட்டால், வராத நாளுக்காக ஒருமுறை இழந்தவர் அதே நாளுக்காக இன்னொரு முறை இழக்கிறார்.

நியாயமில்லை என்று சொன்னால் உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். கணக்காகவே சொல்கிறேன். ஒரு பெண் 300 நாளும் வருகிறாள். கூலி 1,35,000 ரூபாய், போனஸ் 11,245. இப்போது அதே வேலையை இரண்டு பெண்கள் ஆளுக்கு 150 நாளாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். தோட்டத்துக்குக் கிடைத்த உழைப்பு அதே 300 நாள். கொடுத்த கூலி அதே 1,35,000. சரியான கணக்கில் ஆளுக்கு 5,622, இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய அதே 11,245. இரட்டை வெட்டுக் கணக்கில் ஆளுக்கு 2,811 தான். இருவருக்கும் சேர்த்து 5,622. மீதிப் பாதி எங்கே போயிற்று? வேலை குறைந்ததா, காய் குறைந்ததா? ஒன்றும் குறையவில்லை. ஆளை அரை வருடத்துக்கு மாற்றினால் போனசில் பாதி மிச்சம் என்று ஒரு முதலாளி கண்டுபிடித்துவிட்டால், யாரைத்தான் வருடம் முழுக்க வைத்திருப்பார்?

தோட்டத்து ரைட்டரிடம் போனில் பேசினேன். மரியாதையான பிள்ளை. "சார், சட்டத்துலயே விகிதாசாரமா குறைக்கலாம்னு இருக்கே" என்றார். உண்மை, இருக்கிறது. 1965 சட்டத்தில் 13-ஆம் பிரிவு. ஆனால் அதை முழுக்கப் படிக்க வேண்டும். சட்டம் குறைந்தபட்சத்தை இரண்டு விதமாக வைத்திருந்தது. ஒன்று, கூலியில் 8.33 சதவீதம். இன்னொன்று, நூறு ரூபாய். எது கூடுதலோ அது. கூலி ரொம்பக் குறைவாக இருந்த காலத்தில் 8.33 சதவீதம் நூறு ரூபாயைக்கூடத் தொடாது. அப்படிப்பட்டவருக்கு நூறு ரூபாய் கொடுக்க வேண்டும். அந்த நூறு ரூபாயைத்தான், எல்லா நாளும் வேலை செய்யாதவருக்கு விகிதப்படி குறைக்கலாம் என்கிறது 13-ஆம் பிரிவு. காரணம் தெளிவு. நூறு ரூபாய் என்பது நாளைப் பார்க்காத மொத்தத் தொகை. அதற்கு விகிதம் வேண்டும். 8.33 சதவீதமோ நாளைப் பார்த்து வந்த கூலியிலிருந்து பிறந்தது. அதற்கு இன்னொரு விகிதம் தேவையே இல்லை.

நூறு ரூபாய் கூடுதலாக இருக்க வேண்டுமானால் வருடக் கூலி மொத்தமே 1,200 ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும். இன்றைக்கு மூன்று நாள் காய் எடுத்தாலே அதைத் தாண்டிவிடும். 30 நாள் வந்தவருக்குப் பதின்மூன்றாயிரத்துக்கு மேல் கூலி. ஆக, அந்தப் பிரிவைக் காட்டி இன்றைக்குத் தோட்டத்தில் யாருடைய போனசையும் வெட்ட முடியாது. "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் சார் போட்டு வெச்சிருக்கு" என்றார் ரைட்டர். கம்ப்யூட்டரில் போட்டவரும் என்னைப் போலப் பழைய பழக்கத்தில் போட்டிருப்பார்.

என் நண்பர் ஒருவர், பெரிய தோட்டத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், சண்டைக்கு வந்தார். "போனஸ்னா விசுவாசத்துக்குக் குடுக்கிறது ஐயா. வருசம் பூரா இருந்தவனையும் மழைக்கு ஒதுங்கினவனையும் ஒண்ணாக் கருத முடியுமா?" என்றார். நியாயமான கேள்வி. இதற்கு என் பிரெஞ்சுப் படிப்பு கொஞ்சம் உதவியது.

என்னோடு பிரெஞ்சு வழியில் படித்தவர்களில் சிலர் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். அங்கே "த்ரேசியேம் முவா" என்று பெயரே பதின்மூன்றாம் மாதம்தான். ஆனால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அங்கே பொதுச் சட்டம் கிடையாது. தொழில்துறை உடன்படிக்கை, வேலை ஒப்பந்தம், அல்லது அந்த நிறுவனத்தின் நெடுநாள் வழக்கம், இவற்றில் இருந்தால் உண்டு. நடுவில் விட்டுப்போனவருக்கு விகிதப்படி கிடைக்குமா என்பதும் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கொடுக்கிற தேதியில் பணியில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்து, ஒருவர் செப்டம்பரில் விலகினால், டிசம்பரில் அவருக்கு ஒன்றும் வராமல் போகலாம். அங்கே விசுவாசத்தை நிபந்தனையாக்க முடியும், ஏனென்றால் அது இரு தரப்பும் போட்ட உடன்பாடு.

இங்கே அப்படி இல்லை. நம்முடையது நாடாளுமன்றம் போட்ட சட்டம். அது விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. 30 நாள் என்கிறது, ஈட்டிய கூலி என்கிறது, 8.33 என்கிறது. மோசடி, திருட்டு, வேலையிடத்தில் வன்முறை போன்ற காரணத்துக்காக வேலையைவிட்டு நீக்கப்பட்டவருக்குத்தான் போனஸ் இல்லை. தையில் காய் தீர்ந்து வீட்டுக்குப் போனது அந்தப் பட்டியலில் இல்லை. அதுவும் அவராகவா போனார்? வேலை இல்லை என்று அனுப்பியவர்களே விசுவாசம் போதவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? வருடம் முழுக்க இருந்தவருக்குக் கூடுதலாகத் தர வேண்டுமா, தாராளமாகத் தரட்டும். சட்டம் 20 சதவீதம் வரை இடம் விட்டிருக்கிறது. ஆனால் தோட்டம் 10 சதவீதம் கொடுக்க வேண்டிய வருடத்தில் 132 நாள் வந்தவருக்கும் அவர் கூலியில் அதே 10 தான்.

சட்டம் எல்லாரையும் காப்பாற்றிவிடுகிறது என்றும் நான் சொல்லவில்லை. 20 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கிற சின்னத் தோட்டங்களுக்குப் பொதுவாக இது பொருந்தாது. நம் சரிவில் ஐந்து பேர், ஆறு பேரை வைத்துப் பாடுபடுகிற பட்டாக்காரர்கள் பலர் உண்டு. அவர்களிடம் போய்ச் சட்டம் பேசாதீர்கள். அதைவிடப் பெரிய ஓட்டை 30 நாளிலேயே இருக்கிறது. அந்த 30 நாளும் ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டும். ஜீப் எங்கே கூலி கூடுதலோ அங்கே போகும். ஒரு பெண் ஆறு தோட்டத்தில் ஆளுக்கு 25 நாள் என்று 150 நாள் காய் எடுத்தால், அவளுக்கு எந்தத் தோட்டமும் போனஸ் தர வேண்டியதில்லை. இதை மாற்றத்தான் சங்கங்கள் பேச வேண்டும். கையில் இருக்கிற உரிமையையே இரட்டை வெட்டில் விட்டுவிட்டு இதை எப்படிப் பேசுவது?

இன்னொரு தந்திரம் பற்றியும் எச்சரிக்கை. "மாசம் 7,000 ரூபாய்க்கு மேல கணக்கு எடுக்க மாட்டோம்" என்று சில இடத்தில் சொல்கிறார்கள். 2015-இல் திருத்திய விதி அவ்வளவோடு நிற்கவில்லை. 7,000 ரூபாய், அல்லது அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது கூடுதலோ அது. நம் அம்மாவுக்குக் கொடுத்தது குறைந்தபட்சக் கூலிதான் என்று அந்தத் தோட்டமே சொல்கிறது. அப்படியானால் அவருடைய முழுக் கூலிக்கும் போனஸ் போட வேண்டும்.

இத்தனையையும் ஒரு முழுத்தாளில் எழுதி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். மேலே 132 நாள், 450 ரூபாய், 59,400 ரூபாய். கீழே வர வேண்டியது 4,948, வந்தது 2,177, பாக்கி 2,771. காலண்டர் அட்டையைக் கொடுத்துவிடாதே, நகல் மட்டும் கொடு என்றேன். இரண்டு வாரத்தில் பாக்கி அவர் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. ரைட்டரே போன் செய்து சொன்னார். மனதுக்கு நிறைவாக இருந்தது. "அந்த ஜீப்பில் வந்த மற்றப் பெண்களுக்கு?" என்று கேட்டேன்.

"அவுங்க யாரும் கேக்கலையே சார்."

அந்த ஜீப்பில் பதினோரு பெண்கள் போனார்கள். கேட்டவருக்குக் கொடுத்து, கேட்காதவருக்கு விட்டுவிட்டால், அதற்கு இனாம் என்றுதான் பெயர். தப்பு என்று ஒரு சீட்டில் ஒப்புக்கொண்ட பிறகு அதே கம்ப்யூட்டரில் அதே கணக்கில் போட்ட மற்றப் பத்துச் சீட்டும் எப்படிச் சரியாகும்? அந்தப் பத்துப் பேர் வீட்டுக்கும் நான் போய்க்கொண்டிருக்கிறேன். இதுவரை நாலு பேருடைய நாள் கணக்குக் கிடைத்தது. மற்றவர்கள் காலண்டரை மாட்டுப்பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது தூக்கிப் போட்டுவிட்டார்கள். அவர்களுக்குத் தோட்டத்துச் செக்ரோல்தான் சாட்சி. அதைக் கேட்டு எழுதியிருக்கிறோம்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வாசலுக்கும் ஒருவர் சீட்டோடு வருவார். என்னைப் போல உங்கள் ஆபீஸ் விதியைச் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். வருடத்தில் கையில் வாங்கிய மொத்தக் கூலி எவ்வளவு என்று கேளுங்கள். பன்னிரண்டால் வகுங்கள். சீட்டில் உள்ள தொகை அதைவிட நாலைந்து ரூபாய் குறைந்தால் விட்டுவிடுங்கள். அதற்கும் கீழே இருந்தால் யாரோ இரண்டாம் தடவை வெட்டியிருக்கிறார்கள்.